ஆயில் டப்பாவில் பார்க்க வேண்டிய இரண்டு எழுத்து



சின்ன டர்போ பெட்ரோல் கார்களின் விற்பனை கூடக்கூட, நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ‘சர்வீஸ் சென்டரில் ஊற்றும் இன்ஜின் ஆயில் விலை அதிகம். கடையில் அதே 5டபிள்யூ-30 பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்கி ஊற்றலாமா?’ ஓரிரு வரியில் பதில் எழுதிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால்தான் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

5டபிள்யூ-30 என்பது ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். குளிரில் எப்படி ஓடும், சூட்டில் எப்படி நிற்கும் என்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆயிலுக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்பதைச் சொல்வது அதே டப்பாவில் இருக்கும் வேறு இரண்டு எழுத்து. பழைய இன்ஜின்களில் அந்த எழுத்தைப் பார்க்காமல் விட்டாலும் பெரிய நஷ்டம் வந்ததில்லை. நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில் அப்படி விட முடியாது. இவற்றுக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது. பெயர் லோ ஸ்பீடு ப்ரீ-இக்னிஷன், சுருக்கமாக எல்.எஸ்.பி.ஐ. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே, சிலிண்டருக்குள் இருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்வது.

இது எந்த நிலையில் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு உதவும். நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹூண்டாய் வென்யூ 2019-ல் அறிமுகமானபோது இரண்டு பெட்ரோல் இன்ஜின்களோடு வந்தது. ஒன்று டர்போ இல்லாத 1.2 லிட்டர், அதன் டார்க் சுமார் 114 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்.பி.எம்.-மில். இன்னொன்று 1.0 லிட்டர் டர்போ. 172 நியூட்டன் மீட்டர், 1,500 ஆர்.பி.எம்.-மிலேயே கிடைத்துவிடும். பிஸ்டனின் தலையில் சராசரியாக எவ்வளவு அழுத்தம் வேலை செய்கிறது என்று கணக்கிட எளிய வழி உண்டு. டார்க்கை 0.1257-ஆல் பெருக்கி, லிட்டரில் சொன்ன இன்ஜின் கொள்ளளவால் வகுத்தால், விடை பார் அளவில் வரும். 1.2 லிட்டருக்கு வருவது சுமார் 12 பார். டர்போவுக்கு 21 பாரைத் தாண்டுகிறது. வென்யூவில் குறை இருப்பதாக இதற்கு அர்த்தமில்லை. இன்று எந்தக் கம்பெனியின் சின்ன டர்போவை எடுத்தாலும் கணக்கு இந்த ரகத்தில்தான் இருக்கும். சின்ன இன்ஜினிலிருந்து பெரிய இன்ஜினின் இழுவையை வாங்க வேறு வழியும் இல்லை.

இந்த இருபது பார் சுமை எந்த வேகத்தில் விழுகிறது என்பதையும் பாருங்கள். 1,500 ஆர்.பி.எம்.-மில் ஒரு சுற்றுக்கு 40 மில்லி செகண்ட் ஆகிறது. பிஸ்டன் மேலேறி கலவையை அழுத்த அதில் பாதி, 20 மில்லி செகண்ட். 6,000 ஆர்.பி.எம்.-மில் அதே வேலை 5 மில்லி செகண்டில் முடிந்துவிடும். சூடேறி அழுந்திய கலவை தானாகப் பற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும். மெதுவாகச் சுற்றும் இன்ஜின்தான் அந்த அவகாசத்தைக் கொடுக்கிறது. வேகமாக ஓட்டினால்தான் இன்ஜின் கெடும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். இங்கே அது தலைகீழ்.

சரி, அழுத்தமும் அவகாசமும் இருந்தால் போதுமா? பற்றவைக்க ஏதாவது வேண்டுமே. அந்த இடத்தில்தான் ஆயில் உள்ளே வருகிறது. இன்ஜெக்டர் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிகிறது. சுவரில் ஏற்கெனவே மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. இரண்டும் கலந்து ஆயில் நீர்த்துப்போகிறது. மேலேறும் பிஸ்டன் அந்தக் கலவையை வழித்துக்கொண்டு போக, முதல் ரிங்குக்கு மேலே பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் முடி அகல இடுக்கில் அது சேர்கிறது. சேர்ந்தது நிறைந்ததும், ஒரு சொட்டு பிரிந்து எரியும் அறைக்குள் தெறிக்கிறது. பெட்ரோலைவிட எளிதில் தானாகப் பற்றிக்கொள்ளும் குணம் ஆயிலுக்கு உண்டு. ஸ்பார்க்குக்கு முன்பே அந்தச் சொட்டு எரிய ஆரம்பித்தால், அதைச் சுற்றியிருக்கும் கலவையும் எரிய ஆரம்பிக்கிறது. பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கீழே தள்ள வேண்டிய நெருப்போ அதற்கு எதிராகப் பிடித்து அமுக்குகிறது. மிச்சமிருக்கும் கலவை ஒரே கணத்தில் வெடிக்கும்போது, சிலிண்டருக்குள் அழுத்தம் 200 பாரையும் தாண்டிப் போகலாம். முழுச் சுமையில் ஓடும்போது வழக்கமாக வரும் உச்ச அழுத்தத்தைப்போல இது இரண்டு மடங்கு. கார்பன் படிவிலிருந்து உரிந்து விழும் துணுக்குகளும் இதே வேலையைச் செய்யும்.

நாக்கிங்தானே, அதைப் பார்த்துக்கொள்ள சென்ஸார் இருக்கிறதே என்று கேட்கலாம். சாதாரண நாக்கிங் ஸ்பார்க்குக்குப் பிறகு வருவது. சென்ஸார் அதைக் கேட்டதும் கம்ப்யூட்டர் அடுத்த ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், சத்தம் அடங்கும். எல்.எஸ்.பி.ஐ.-யில் தீ பிடிப்பதே ஸ்பார்க்குக்கு முன்னால். ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி என்ன பயன்? கம்ப்யூட்டரால் முடிவதெல்லாம், நடந்தது தெரிந்தபின் டர்போ அழுத்தத்தைக் குறைப்பதும் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி உள்ளே குளிரவைப்பதும்தான். அதற்குள் முதல் அடி விழுந்திருக்கும். அதோடு இது தனியாக வருவதும் குறைவு. ஒரு முறை வெடித்தால், அடுத்த சுற்று ஒழுங்காக எரியும், அதற்கடுத்தது மறுபடி வெடிக்கும். இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாகச் சில அடிகள் விழுந்து, பிறகு தானாக நின்றுவிடும். அடுத்தது ஆயிரக்கணக்கான சுற்றுகள் கழித்து வரலாம், வராமலும் போகலாம். அதனால்தான் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் ‘சத்தம் வந்தது’ என்று சொன்னால், ஓட்டிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லையே சார்’ என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை.

அடி விழுந்த பிஸ்டன் எப்படி இருக்கும் என்பதைக் கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கையில் வாங்கிப் பார்த்தேன். மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜின் ஒன்றைப் பிரித்து மேஜையில் பரப்பி வைத்திருந்தார்கள். மேட்டில் ஏறும்போது ‘டங்’கென்று இரும்பை இரும்பால் அடித்தமாதிரி ஒரு சத்தம். அதன்பிறகு நிறுத்தி வைத்தாலே வண்டி குலுங்கியதாம், பின்னால் நீலப்புகை வந்ததாம். கம்ப்ரஷன் பார்த்தபோது நடு சிலிண்டரில் மட்டும் மற்ற இரண்டில் இருந்ததில் பாதிகூட இல்லை. அந்த சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தினால் ஆயில் ஊற்றும் வாய் வழியாக ‘புஸ்’ஸென்று வெளியே வந்தது. வால்வு ஒழுகினால் காற்று இன்டேக் பக்கமோ சைலன்ஸர் பக்கமோதான் போகும். ஆயில் மூடி வழியாக வந்தால் கோளாறு பிஸ்டனிலோ ரிங்கிலோ என்று அர்த்தம்.

பிஸ்டனைத் துடைத்துக் கொடுத்தார் மெக்கானிக். “மேல்தலையப் பாருங்ண்ணா, ஒரு கீறல்கூட இல்ல. உருகவும் இல்ல. இங்க மட்டும் போயிருக்கு பாருங்க.” அவர் விரல் வைத்த இடத்தில், முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் வரப்பில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. உடைந்த முகம் மணல்மணலாக, புதிதாக, வெள்ளி நிறத்தில் இருந்தது. நாள்பட்ட நாக்கிங்கில் அடிவாங்கிய பிஸ்டன் வேறு மாதிரி இருக்கும். தலையின் ஓரம் பூச்சி அரித்தாற்போல் குழிகுழியாகிவிடும். அதிக சூட்டில் போன பிஸ்டனில் அலுமினியம் வழிந்திருக்கும். இது இரண்டுமில்லை, ஓங்கி விழுந்த அடியில் முறிந்த முறிவு. அடி இன்னும் பலமாக இருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துபோகும். ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் நொறுங்குவதும் உண்டு.

கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டதற்கு வண்டிக்காரர் காரின் டிக்கியிலிருந்த மீதி டப்பாவை எடுத்துக் காட்டினார். 15டபிள்யூ-40. டீசலுக்கு சி.ஐ.-4, பெட்ரோலுக்கு எஸ்.எல். என்று போட்டிருந்தது. டீசல் வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்கும் ஒரே ஆயிலாக ஊற்ற வசதியாக இருக்கிறதென்று கடைக்காரர் கொடுத்தாராம். அந்த ஒரு ஆயிலால்தான் பிஸ்டன் உடைந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு பிஸ்டனைப் பார்த்து அப்படித் தீர்ப்பு எழுதவும் முடியாது. ஓட்டிய விதம், பெட்ரோல், கார்பன் படிவு எல்லாம் இதில் சேரும். ஆனால் அந்த இன்ஜினுக்குள் போகக்கூடாத ஆயில் அது. காரணத்தைச் சொல்கிறேன்.

இன்ஜின் ஆயிலில் டிடர்ஜென்ட் என்று ஒரு சரக்கு சேர்ப்பார்கள். எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறிப்பதும், பிஸ்டனில் அழுக்குப் படியாமல் கழுவுவதும் அதன் வேலை. பல பத்தாண்டுகளாக இதற்குப் பெரும்பாலும் கால்சியம் கலவைகளைத்தான் பயன்படுத்தி வந்தார்கள். விலை குறைவு, வேலையும் நன்றாகச் செய்யும். டர்போ இன்ஜின்கள் காரணம் தெரியாமல் உடைய ஆரம்பித்தபோது, ஆயில் பக்கம் திரும்பிப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் டொயோட்டாவின் ஆய்வாளர்கள். 2012-ல் அவர்கள் வெளியிட்ட சோதனை முடிவு தெளிவாக இருந்தது. ஆயிலில் கால்சியம் கூடக்கூட முன்கூட்டிப் பற்றிக்கொள்வது கூடுகிறது. தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கலவையும், உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மாலிப்டினம் கலவையும் கூடினால் அது குறைகிறது. பிறகு வெவ்வேறு நாடுகளில் நடந்த சோதனைகளும் இதையே உறுதிசெய்தன. கால்சியத்துக்குப் பதில் மக்னீசியம் டிடர்ஜென்ட் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்பதும் தெரியவந்தது.

கால்சியம் அப்படி என்ன செய்கிறது? ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. டிடர்ஜென்ட்டில் கால்சியம் இருப்பது நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்களாக. நாம் அறிந்த சுண்ணாம்புக்கல்தான் அது. சிலிண்டருக்குள் எரியும்போது, காளவாயில் நடப்பதுபோலவே, கார்பன் டை ஆக்ஸைடை விட்டுவிட்டு அது சுட்ட சுண்ணாம்பாகிறது. எல்லாத் துகளும் புகையோடு வெளியே போய்விடுவதில்லை. உள்ளே தங்கிய துகள் அடுத்த சுற்றில் கார்பன் டை ஆக்ஸைடோடு மறுபடி சேர்கிறது. சேரும்போது வெப்பத்தைக் கக்குகிறது. ஏற்கெனவே சூடாக இருக்கும் துகள் இன்னும் சூடேறி, தணல்பொறியாகிக் கலவையைப் பற்றவைக்கிறது. மக்னீசியத்தில் இதே வினை அவ்வளவு வெப்பத்தோடு நடப்பதில்லை. ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் வெடிப்பு வருவதற்கும் இந்த விளக்கம் ஓரளவு ஒத்துப்போகிறது. இதுவே முடிந்த முடிவு என்று ஆய்வுலகம் இன்னும் முத்திரை குத்தவில்லை. ஆனால் கால்சியத்தைக் குறைத்தால் அடி குறைகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அப்படியானால் கால்சியத்தை மாற்று எதுவும் போடாமல் அடியோடு எடுத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. அமிலத்தை முறிக்க ஆயிலில் ஏதாவது இருந்தாக வேண்டும். துத்தநாக-பாஸ்பரஸ் கலவையையாவது அள்ளிப் போடலாமே என்றால், பாஸ்பரஸ் சைலன்ஸர் பாதையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதனால் புதிய ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. ஆகவே ஆயில் தயாரிப்பாளர்கள் நடுவழியைத் தேர்ந்தார்கள். கால்சியத்தைப் பழைய அளவில் ஏறத்தாழ பாதியாகக் குறைத்து, மீதி வேலையை மக்னீசியத்திடம் கொடுத்து, மாலிப்டினம் கொஞ்சம் சேர்த்தார்கள். லாரி இன்ஜின்களுக்கான டீசல் ஆயில்களில் பலவற்றில் கால்சியம் நிறைய இருக்கும். டீசலுக்கு அது நல்லதும்கூட. அந்த வண்டிக்காரர் ஊற்றியது அந்த ரகம்.

இதைச் சோதிக்க ஒரு முறையும் வேண்டியிருந்தது. ஃபோர்டின் 2.0 லிட்டர் எக்கோபூஸ்ட் இன்ஜினை வைத்து ‘சீக்வென்ஸ் 9’ என்ற சோதனையை உருவாக்கினார்கள். 1,750 ஆர்.பி.எம்.-மில், பிஸ்டன் மேல் சுமார் 17 பார் சுமையில், இன்ஜினை 1,75,000 எரிப்புச் சுற்றுகள் ஓடவிட்டு, எத்தனை முறை முன்கூட்டிப் பற்றியது என்று எண்ணுவார்கள். ஒரு ஓட்டத்துக்கு மூன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஆகும். இதுபோல நான்கு ஓட்டம். சராசரி 5 முறைக்கு மேல் போகக்கூடாது. எந்த ஓட்டத்திலும் 8-ஐத் தாண்டக்கூடாது.

அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் எனப்படும் ஏ.பி.ஐ., பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்கு எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் தரம் கொடுக்கிறது. நம் கடைகளில் நிறையக் கிடைக்கும் எஸ்.என். 2010-ல் வந்தது, அதில் இந்தச் சோதனை கிடையாது. புதிய தரம் தயாராகத் தாமதமானதால், கார் கம்பெனிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் 2018 மே மாதம் எஸ்.என். ப்ளஸ் என்று ஒரு இடைக்கால ஏற்பாடு வந்தது. எஸ்.என்.-னோடு இந்த ஒரு சோதனையைச் சேர்த்ததுதான் அந்த ப்ளஸ். 2020 மே மாதம் வந்த எஸ்.பி.-யில் இது நிரந்தரமானது. இதே இன்ஜின்களில் தொல்லை கொடுக்கும் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் அதில் தனிச் சோதனை உண்டு. ஒரு குறை மட்டும் இருந்தது. சோதித்ததெல்லாம் புது ஆயில். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிக் கறுத்த ஆயிலும் இதேபோல் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு, 2025 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் எஸ்.க்யூ. தரத்தில் பழகிய ஆயிலுக்கும் சோதனை சேர்த்துவிட்டார்கள். ஐரோப்பியக் கம்பெனிகளின் வண்டி வைத்திருப்பவர்கள் கம்பெனி சொல்லும் தர எண்ணையே முதலில் பார்க்க வேண்டும். அங்கேயும் 2021-ல் வந்த ஏ.சி.இ.ஏ. தரங்களில் சி6, ஏ7/பி7 ஆகியவற்றில் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

சோதனையில் தேறிய ஆயிலும் ஐந்து முறை வரை விட்டுக்கொடுக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். நல்ல ஆயில் ஆபத்தைக் குறைக்கும். அறவே இல்லாமல் செய்யாது. மீதி ஓட்டுபவர் காலில் இருக்கிறது. மைலேஜுக்காக 40 கிலோமீட்டர் வேகத்திலேயே ஐந்தாவது கியர் போட்டுவிட்டு, பஸ்ஸை முந்தவோ மேம்பாலம் ஏறவோ கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. டர்போவின் இழுவை நன்றாக இருப்பதால் வண்டியும் முனகாமல் போகும். ஆனால் 1,500 ஆர்.பி.எம்., முழுச் சுமை என்ற அந்த இடம்தான் சோதனைக்கூடத்தில் இந்தக் கோளாறை வரவழைப்பதற்குத் தேர்ந்தெடுத்த இடத்துக்கு வெகு பக்கம். கியரை ஒன்று குறைத்து முள்ளை 2,500-க்கு மேல் கொண்டுவந்து பிறகு மிதியுங்கள். குன்னூர் மலையேறும்போது இதைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி தானே கியரைக் குறைத்துக்கொள்ளும்; அதன் வழியில் விட்டுவிடலாம்.

ஆக்டேன் கூடிய பெட்ரோல் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண நாக்கிங்குக்கு அது நல்ல மருந்து. ஆயில் சொட்டு பற்றிக்கொள்வதை அது தடுக்காது. அதேபோல, கடையில் சின்னப் பாட்டிலில் விற்கும் ஆயில் சேர்மானங்களைப் புதிய தர ஆயிலில் ஊற்றாதீர்கள். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அளந்து சேர்த்துச் சோதித்த கணக்கை அது குலைத்துவிடும்.

இப்போது வாசகர்களின் கேள்விக்கு வருகிறேன். கடையில் வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். முதலில் உங்கள் வண்டியின் கையேட்டில் எந்தக் கெட்டித்தன்மை, எந்தத் தரம் என்று போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள். பிறகு டப்பாவின் பின்பக்கம் ஏ.பி.ஐ.-யின் வட்ட முத்திரையைத் தேடுங்கள். நடுவில் 5டபிள்யூ-30 என்று இருக்கும். அதற்கு மேல் வளைவில் எஸ்.பி. அல்லது எஸ்.க்யூ. என்று இருந்தால் விலை குறைந்த பிராண்டானாலும் எடுத்துக்கொள்ளலாம். எஸ்.என். என்று மட்டும் இருந்தால் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கு வேண்டாம். எஸ்.எல்., எஸ்.எம். என்றிருந்தால் தொடவே தொடாதீர்கள். முத்திரை இல்லாமல் ‘எஸ்.பி. தரத்துக்கு ஏற்றது’ என்று மட்டும் அச்சடித்திருந்தால், அது கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. சோதனைக்கு அனுப்பி உரிமம் வாங்கியது ஆகாது.

சர்வீஸ் சென்டரில் விடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பில்லில் ‘இன்ஜின் ஆயில் 3.5 லிட்டர்’ என்று மட்டும் போட்டுத் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். பிராண்ட், கெட்டித்தன்மை, எஸ்.பி. அல்லது எஸ்.க்யூ. என்ற தரம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லி, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி காலத்தில் பிஸ்டன் போனால், சரியான ஆயில்தான் ஊற்றினேன் என்பதற்கு உங்களிடம் இருக்கும் அத்தாட்சி அந்தப் பில்தான்.

அன்புடன்,
ஆசிரியர்